தோளின் பாரம், கம்பின் பாரம்

குரங்கணியில் போடி பஸ் வந்து திரும்பும் இடத்துக்குச் சற்று மேலே, ஒத்தையடிப் பாதை ஏறத் தொடங்குகிற இடத்தில் இரண்டு பேர் ஒரு மூட்டையைக் கம்பில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அரிசி, உப்பு, ஒரு புது இரும்புச் சட்டி, இன்னும் ஏதேதோ சேர்த்துக் கட்டிய மூட்டை. 60 கிலோ இருக்கும். கம்பு யூக்கலிப்டஸ், பட்டை உரித்து வழுவழுப்பாக இருந்தது. இளையவன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட வரும்போது பெரியவர் சொன்னார்:

"நடுவுலயே போடு தம்பி. யாருக்கும் வஞ்சகம் வேணாம்."

"வேணாம் மாமா. உங்களுக்கு முட்டி வலி. எம் பக்கம் ரெண்டு சாண் தள்ளிக் கட்டுறேன்."

"எம் முட்டியை விடு. கம்பு தாங்குமான்னு பாரு."

பல வருடங்கள் டிப்ளமோ மாணவர்களுக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் நடத்தியவன் நான். ஒரு செமஸ்டர் முழுக்க நான் கரும்பலகையில் சொல்ல முயன்றது அந்த மூன்று வரிகளுக்குள் அடங்கியிருந்தது. முடிச்சை நகர்த்தினால் ஆளின் பாரம் மாறுகிறது, கம்பின் பாரமும் மாறுகிறது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி மாறுவதில்லை. ஆளின் பாரத்தைச் சொல்வது வெட்டுவிசைப் படம். கம்பின் பாரத்தைச் சொல்வது வளைவுத் திருப்புத்திறன் படம். வகுப்பில் எல்லோரும் ஷியர் ஃபோர்ஸ், பெண்டிங் மொமெண்ட் என்றுதான் சொல்வோம். பெயர் எதுவானாலும், ஏன் இரண்டு படம் வரைய வேண்டும், ஒன்று போதாதா என்ற கேள்விக்கு அந்தப் பெரியவரின் கவலைதான் சரியான பதில்.

கணக்கை அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன். இருவர் தோளுக்கும் இடையே 3 மீட்டர். மூட்டை 60 கிலோ, அதாவது ஏறத்தாழ 600 நியூட்டன் எடை. கிலோவிலேயே போட்டால் கடைசியில் ‘கிலோ மீட்டர்’ என்று வந்து தூரக் கணக்கோடு குழம்பும், அதனால் நியூட்டன். இரண்டு சாண் என்பது ஏறத்தாழ அரை மீட்டர். ஆக, முடிச்சு இளையவன் தோளிலிருந்து 1 மீட்டர், பெரியவர் தோளிலிருந்து 2 மீட்டர்.

தோள் என்பது நல்ல தாங்கி. மேல்நோக்கித் தள்ளும், அதற்குமேல் எதுவும் செய்யாது. கம்பு அதன்மேல் இலேசாகத் திரும்ப நினைத்தால் திரும்பிக்கொள்ளலாம், தோள் தடுக்காது. சுவருக்குள் புதைத்த உத்திரத்துக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. சிம்ப்ளி சப்போர்ட்டட் என்று புத்தகம் சொல்வது இந்தச் சுதந்திரத்தைத்தான். அதனால்தான் தோள்கள் எவ்வளவு தாங்குகின்றன என்பதைத் தராசுக் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம். பெரியவரின் தோளை அச்சாக வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை அந்த அச்சைச் சுற்றிக் கம்பைக் கீழே திருப்பப் பார்க்கிறது: 600 நியூட்டன், 2 மீட்டர் தூரத்தில். இளையவனின் தோள் 3 மீட்டர் தூரத்திலிருந்து அதை எதிர்க்கிறது. 1200ஐ மூன்றால் வகுத்தால் 400. மீதி 200 பெரியவருக்கு. பாரம் பக்கத்தில் இருப்பவனுக்குக் கூடுதல் என்பது சுமந்த எவருக்கும் தெரிந்ததுதான். எத்தனை கூடுதல் என்பதைத் தூரம் சொல்கிறது.

இனி வெட்டுவிசைப் படம். நான் மாணவர்களிடம் பென்சிலைத் தூக்காமல் வரையச் சொல்வேன். இளையவன் தோளிலிருந்து கிளம்புகிறோம். அங்கே மேல்நோக்கி 400 தள்ளுகிறது. பென்சில் 400 மேலே ஏறுகிறது. அதன்பிறகு 1 மீட்டர் தூரத்துக்குக் கம்பின்மேல் எதுவும் இல்லை. எதுவும் இல்லாத இடத்தில் பென்சில் மட்டமாகவே போக வேண்டும். முடிச்சில் 600 கீழே இழுக்கிறது. அங்கே செங்குத்தாக 600 இறங்கி, கோட்டுக்குக் கீழே 200க்குப் போய் நிற்கிறோம். மறுபடி 2 மீட்டர் மட்டம். பெரியவரின் தோளில் 200 ஏறி, கிளம்பிய கோட்டுக்கே வந்து சேர்கிறோம். சேராவிட்டால் தோள் கணக்கில் எங்கோ தப்பு. இதைவிட நேர்மையான சரிபார்ப்பை நான் எந்தப் பாடத்திலும் கண்டதில்லை.

இந்த இடத்தில் பலரும் ஒரு தப்பைச் செய்வார்கள். 400லிருந்து கழித்தல் 200க்குச் செங்குத்தாக இறங்காமல், இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் இடையே ஒரே சாய்கோடாக இழுத்துவிடுவார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் சாய்கோடு போட்டால், மூட்டை கம்பின் நீளம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது என்று எழுதிக் கொடுத்ததாக ஆகும். ஒரே முடிச்சில் தொங்கும் பாரத்தின் படத்தில் சாய்வுக்கு இடமில்லை, இரண்டு படிக்கட்டுகள்தான்.

வளைவுத் திருப்புத்திறன் படத்தை இந்தப் படிக்கட்டிலிருந்தே பெறலாம். படத்தின் பரப்பைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். இளையவன் தோளில் பூஜ்யம். அங்கிருந்து அரை மீட்டர் நடந்தால் 400 பெருக்கல் அரை, 200 நியூட்டன் மீட்டர். முடிச்சுக்கு வந்ததும் 400. முடிச்சைத் தாண்டியதும் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு கழியத் தொடங்குகிறது: மீட்டருக்கு 200 வீதம், 2 மீட்டரில் 400ம் கழிந்து பெரியவரின் தோளில் பூஜ்யம். வரைந்தால் ஒரு முக்கோணம். இளையவன் பக்கம் செங்குத்தான ஏற்றம், பெரியவர் பக்கம் நீண்ட சரிவு, முடிச்சுக்கு நேர்மேலே உச்சி. உச்சி கம்பின் நடுவில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முடிச்சு எங்கேயோ உச்சி அங்கே. பழக்கதோஷத்தில் எப்போதும் நடுவில் உச்சியை வைக்கும் மாணவனை ஒரே கேள்வியில் திருத்திவிடலாம்: உன் வெட்டுவிசை எந்த இடத்தில் கோட்டைத் தாண்டுகிறது? அங்கேதானே கூட்டல் நின்று கழித்தல் தொடங்குகிறது?

படம் சரி. இந்த 400 நியூட்டன் மீட்டர் கம்புக்குள் என்னவாக இருக்கிறது?

முடிச்சை ஒட்டி, மனதுக்குள் ஒரு ரம்பத்தால் கம்பைக் குறுக்கே அறுத்துவிடுங்கள். இளையவன் பக்கத்துத் துண்டை மட்டும் பாருங்கள். அவன் தோள் அதன் முனையை 400 நியூட்டனால் மேலே தள்ளுகிறது. அந்தத் துண்டு பறந்து போகாமலும் சுழன்று போகாமலும் இருக்க வேண்டுமானால், அறுத்த முகத்தில் மறுபக்கத்துக் கம்பு இரண்டு வேலை செய்தாக வேண்டும். 400 நியூட்டனால் கீழே அழுத்த வேண்டும், அது வெட்டுவிசை. 400 நியூட்டன் மீட்டர் அளவுக்கு எதிர்ப்பக்கம் திருப்பவும் வேண்டும். அந்தத் திருப்பலுக்குக் கம்பிடம் கை கிடையாது, நெம்புகோல் கிடையாது. தன் தடிமன் ஒன்றுதான் இருக்கிறது. மேல்பாதி நார்கள் நெருக்கப்பட்டு ஒரு பக்கம் தள்ளுகின்றன, கீழ்ப்பாதி நார்கள் இழுக்கப்பட்டு மறுபக்கம் இழுக்கின்றன. கம்பின் விட்டம் 6 சென்டிமீட்டர் என்றால் அந்தத் தள்ளலுக்கும் இழுப்புக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி வெறும் மூன்றரை சென்டிமீட்டர். 400 நியூட்டன் மீட்டர் திருப்பலை மூன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் உண்டாக்க வேண்டுமானால், கீழ்ப்பாதி நார்கள் 11,000 நியூட்டனுக்குமேல் இழுபட வேண்டும். ஒரு டன்னுக்கு மேல். 60 கிலோ அரிசி உப்பு மூட்டை, ஒரு கம்பின் அடிவயிற்றை ஒரு டன் எடை கொண்டு இழுக்கிறது. தோள்களுக்கு இது தெரிய வழியே இல்லை. இளையவனுக்கு 40 கிலோ, பெரியவருக்கு 20 கிலோ, அவ்வளவுதான் அவர்கள் அறிவார்கள்.

கலிலியோ 1638இல் வெளிவந்த தன் இரண்டு புதிய அறிவியல்கள் நூலில் இந்தக் கம்பை எடுத்துக்கொண்டார். இரு முனையும் தாங்கிய கம்பை எந்த இடத்தில் பாரம் வைத்து ஒடிப்பது எளிது, எந்த இடத்தில் கடினம் என்று யோசித்து, பாரத்தின் இரு புறத்துத் தூரங்களைப் பெருக்கினால் வரும் எண்தான் விடை என்று கண்டுகொண்டார். அது இன்றும் மாறவில்லை. உள்ளே நார்கள் எப்படி நெருக்கப்படுகின்றன, எப்படி இழுபடுகின்றன என்பதில் அவருக்குத் தவறியது. அறுத்த முகம் முழுவதும் இழுபடுவதாகவும் ஓரத்தை அச்சாகக் கொண்டு திரும்புவதாகவும் நினைத்தார். பாரம் எங்கே என்பதை மட்டும் பொறுத்த விஷயத்தில் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அதை வைத்து முடிச்சை நகர்த்திப் பார்ப்போம். நடுவில் கட்டினால் இரு புறமும் ஒன்றரை மீட்டர்; பெருக்கினால் 2.25. பெரியவர் சொன்னதுபோல வஞ்சகம் இல்லை, ஆளுக்கு 300 நியூட்டன். கம்புக்கு 450 நியூட்டன் மீட்டர். இரண்டு சாண் தள்ளினால் ஒன்றும் இரண்டும் பெருக்கி 2. இளையவனுக்கு 400, பெரியவருக்கு 200, கம்புக்கு 400. இன்னும் அரை மீட்டர் தள்ளி, இளையவன் தோளிலிருந்து அரை மீட்டரில் கட்டினால் பெருக்குத்தொகை 1.25. இளையவன் 500 சுமப்பான், பெரியவர் வெறும் 100, கம்பு 250.

இந்த எண்களை நான் வெகுநாள் ஒரே விதமாகத்தான் வாசித்துவந்தேன்: பாரம் நடுவில் இருந்தால் மோசம், ஓரத்தில் இருந்தால் நல்லது. அது கம்பின் பக்கத்திலிருந்து மட்டும் வாசிப்பது. தோள்களையும் சேர்த்து வாசித்தால் வேறொன்று தெரிகிறது. நடுவிலிருந்து முதல் அரை மீட்டர் நகரும்போது பெரியவரின் பாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கம்பின் பாரமோ 450லிருந்து 400ஆக, ஒன்பதில் ஒரு பங்குதான் இறங்குகிறது. நடுவை ஒட்டிய பகுதியில் முடிச்சு எங்கே இருந்தாலும் கம்புக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, ஆட்களுக்கு உண்டு. ஆகவே கம்பைக் காப்பாற்ற முடிச்சை நகர்த்துவது வீண்வேலை. நடுவில் கட்டினாலும் தாங்குகிற கம்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, முடிச்சை முட்டி வலிக்குத் தக்கபடி போடலாம்.

தாங்குகிற கம்பு என்பதற்கு விட்டம் முக்கியம், அதுவும் மும்மடிப் பெருக்கமாக. 6 சென்டிமீட்டருக்குப் பதில் 4 சென்டிமீட்டர் கம்பு எடுத்தால் வலு மூன்றில் இரண்டாகாது. மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். இதில் ஒரு பொல்லாத வழக்கம் உண்டு. வழுவழுப்பான கம்பில் கயிறு நகராமலிருக்க, முடிச்சு விழும் இடத்தில் சுற்றிலும் அரிவாளால் ஒரு வரி வெட்டிவிடுவார்கள். அரை சென்டிமீட்டர் ஆழம்தான். ஆனால் சுற்றிலும் வெட்டும்போது 6 சென்டிமீட்டர் விட்டம் அந்த இடத்தில் 5 ஆகிறது. வலுவில் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. முக்கோணத்தின் உச்சி எங்கே இருக்கிறதோ சரியாக அங்கே கம்பை மெலிய வைக்கிறோம். வரி வெட்டுவதற்குப் பதில் பழைய சைக்கிள் ட்யூபைக் கம்பில் சுற்றி அதன்மேல் கயிற்றைக் கட்டினால் நகராது. கம்பில் பெரிய கணு இருந்தால் அதை மேல்பக்கம் வரும்படித் திருப்பிக்கொள்வதும் நல்லது. நெருக்கப்படும் பக்கத்தில் கணு இருந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. இழுபடும் அடிப்பக்கத்தில் இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். விரிசல் எந்தப் பக்கம் முதலில் தெரியும் என்று கேட்டால், அடியில், முடிச்சுக்கு நேர்கீழே.

கம்பின் சொந்த எடையை நான் சேர்க்கவில்லை. 3 மீட்டர் கம்பு 6 கிலோ இருந்தால் நடுவில் அது சேர்ப்பது ஏறத்தாழ 22 நியூட்டன் மீட்டர். 450க்குப் பக்கத்தில் விட்டுவிடலாம். கட்டிட உத்திரங்களில் விட முடியாது.

அகமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து, சாலை இல்லாத குறையால், நோயாளிகளையும் பிரசவத்துக்குப் போகிறவர்களையும் இதேபோல் கம்பில் போர்வை கட்டி டோலியாகத் தூக்கி வருவது செய்திகளில் வந்துகொண்டே இருக்கிறது. டோலியில் முடிச்சு ஒன்றல்ல, இரண்டு: தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. 60 கிலோ ஆளை 1.6 மீட்டர் இடைவெளியில் இரண்டு முடிச்சாகத் தொங்கவிட்டால், இரண்டும் சமமாகத் தாங்குவதாகக் கொண்டால், கம்பின் பெரிய திருப்புத்திறன் 450லிருந்து 210ஆகிவிடுகிறது. முக்கோணத்தின் உச்சி வெட்டுண்டு தட்டையாகிறது. அதே கம்பில் அதே எடையை ஒற்றை முடிச்சில் மூட்டையாகத் தொங்கவிட்டால் கம்பு படும் பாடு இரண்டு மடங்குக்கு மேல். டோலி கட்டுகிறவர்கள் நோயாளி படுத்திருக்க வேண்டும் என்பதற்காக இரண்டு முடிச்சுப் போடுகிறார்கள். கம்பு அதனால் பிழைக்கிறது.

பெண்டிங் மொமெண்ட் படத்தைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. பதில் இந்த மலையிலேயே ஒருகாலத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் போடி சேர்ந்தது. 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி 1908இல் குறுகிய பாதையாக மாறிய அந்த ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் என்ற பெயர்கள் மட்டும் இன்னும் அங்கே இருக்கின்றன.

அந்த ரோப்வேயின் இரு தூண்களுக்கு இடையே உள்ள வடத்தில் ஒரே ஒரு பெட்டி தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வடத்தால் கம்பைப்போல வளைவை எதிர்க்க முடியாது. எதிர்க்க முடியாததால் பாரத்துக்கு ஏற்ற உருவத்தை எடுத்துக்கொள்கிறது. பெட்டி தொங்கும் இடத்தில் மடங்கி, இரு பக்கமும் நேர்கோடாக, ஒரு முக்கோணமாகத் தாழ்கிறது. அது நாம் வரைந்த அதே முக்கோணம், தலைகீழாக. வடம் எந்த இடத்தில் எத்தனை தாழ்ந்திருக்கிறதோ அதை அதன் கிடை இழுப்பால் பெருக்கினால் அந்த இடத்தின் திருப்புத்திறன் வந்துவிடும். வடத்தின் சொந்த எடை அந்த நேர்கோடுகளைச் சற்று வளைக்கும், அவ்வளவுதான். வீட்டுக் கொடியில் ஈரத் துணி நிறைந்த ஒரு பையைத் தொங்கவிட்டு ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்திக்கொண்டே வந்தால், அரை மீட்டரில், ஒரு மீட்டரில், ஒன்றரை மீட்டரில் உச்சி எப்படி இறங்குகிறது, நடுவை நெருங்கும்போது இறக்கம் எப்படிச் சோம்பலாகிறது என்பதையும் பார்க்கலாம். தூண்கள் சம மட்டத்தில் இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை. ஒரு தூண் மலைமேலும் ஒன்று அடிவாரத்திலும் இருந்தாலும், இரண்டையும் சேர்க்கும் நேர்கோட்டிலிருந்து செங்குத்தாகக் கீழே அளந்தால் கணக்கு அதேதான்.

மலைச்சரிவில் கம்பு சுமப்பவர்களுக்கும் அதே கணக்குத்தான். கீழே நடப்பவனுக்குத்தான் பாரம் அதிகம் என்பார்கள். மூட்டை கயிற்றில் தளர்வாகத் தொங்கி, முடிச்சு நகராமல் இருந்தால் அது உண்மையில்லை. கம்பு எத்தனை சாய்ந்தாலும் இரு தோளுக்குமான கிடைத் தூரங்கள் ஒரே விகிதத்தில்தான் சுருங்கும். நடைமுறையில் முடிச்சு நகர்ந்துவிடுகிறது, அதுதான் விஷயம்.

அவர்கள் கிளம்பினார்கள். பெரியவர் முன்னால், மேலே. இளையவன் பின்னால், கீழே. நானும் கொஞ்ச தூரம் கூடவே ஏறினேன். முதல் வளைவில் மூச்சு வாங்க மூட்டையை இறக்கியபோது முடிச்சு இளையவன் பக்கம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக வழுக்கியிருந்தது. இப்போது அவன் தோளிலிருந்து 80 சென்டிமீட்டர்தான். அவனுக்கு 440 நியூட்டன், பெரியவருக்கு 160, கம்புக்கு 352 என்று மனதுக்குள் போட்டுக்கொண்டேன். பெரியவர் முடிச்சைப் பார்த்துவிட்டு, பழைய இடத்துக்குத் தள்ளக் குனிந்தார்.

"இருக்கட்டும் மாமா," என்றான் அவன், கம்பைத் தூக்கித் தோளில் வைத்தபடி. "கம்புக்கு நல்லதுதான்."